கடைக் கண்ணாடியில் விழுந்த ஒளிப்பதிவாளரை அகற்றுவது எப்படி

திருகோணமலை மத்திய வீதியில் ஒரு புடவைக் கடைக்காகச் சிறு விளம்பரம் ஒன்றை எடுத்தபோது, கண்ணாடிக்கு உள்ளே கடைப் பெண் ஒருவர் பொம்மைக்குச் சேலை உடுத்துவதை வெளியே நடைபாதையில் நின்று பதிவுசெய்ய வேண்டியிருந்தது. ஷொட் 11 வினாடிகள் மட்டுமே. கமரா அசையவில்லை, வெளிச்சம் நன்றாக இருந்தது, அந்தப் பெண்ணும் இயல்பாகவே செய்தார். ஆனால் வீட்டுக்கு வந்து பெரிய திரையில் போட்டுப் பார்த்தபோது, சேலைக்கும் பொம்மைக்கும் நடுவே, கையைக் கட்டிக்கொண்டு, ஆவியைப்போல நான் நின்றிருந்தேன். எடுக்கும்போது கமராவின் சிறிய திரையில் இது தெரிவதில்லை, ஏனென்றால் நம்முடைய கண் உள்ளே நடப்பதையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

அந்த ஷொட்டை எப்படிச் சரிசெய்தேன் என்பதை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். இது ட்ரைபொட்டில் நிலையாக வைத்து எடுத்த ஷொட்டுக்கான வழி. கமரா கையில் அசையும் ஷொட்டில் இதே வேலையைச் செய்ய, அசைவைப் பின்தொடரும் டிராக்கிங் என்ற இன்னொரு கலையையும் கற்க வேண்டும் என்பதால், முதல் முயற்சிக்கு அதனைத் தொட வேண்டாம்.

கண்ணாடியில் தெரிவது உண்மையில் என்ன

புதியவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். ஒளிப்பதிவாளரின் பிம்பத்தைக் கண்ணாடியில் படிந்த அழுக்கைப்போல எண்ணி, அதனைத் துடைத்து எடுக்கப் பார்க்கிறார்கள். பகல் வெளிச்சத்தில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது.

சாதாரண ஒற்றைக் கண்ணாடி, நேராகப் பார்க்கும்போது, தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ 8 வீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. முன்பக்கத்தில் 4 வீதம், பின்பக்கத்தில் 4 வீதம். இது சிறிய அளவாகத் தோன்றினாலும், வெயில் பட்ட வீதி கடையின் உட்புறத்தைவிடப் பல மடங்கு பிரகாசமாக இருப்பதால், அந்த 8 வீதமே உள்ளிருக்கும் சேலைகளோடு போட்டியிடும் அளவுக்கு வந்துவிடுகிறது. எனவே கண்ணாடி முழுவதும் வீதியின் வெளிறிய பிம்பம் ஒரு மெல்லிய திரைபோலப் படர்ந்திருக்கிறது. கறுப்புச் சேட் போட்ட ஒருவர் கண்ணாடிக்கு முன்னால் நிற்கும்போது, அந்த வீதி வெளிச்சத்தை அவருடைய உடல் மறைத்துவிடுகிறது. அவருடைய உருவம் விழுந்த இடத்தில் திரை கிழிந்து, உள்ளிருக்கும் பொருள் மற்ற இடங்களைவிடத் தெளிவாகவும் நிறம் கூடியும் தெரிகிறது. அந்த இடத்திலிருந்து வெளிச்சம் பறிபோயிருக்கிறது. நாம் செய்ய வேண்டியது பறிபோன வீதியை அங்கே திரும்ப வைப்பதுதான்.

இதனால்தான், உருவம் இருக்கும் பகுதியைச் சுற்றி வளைத்துப் பிரகாசத்தைக் கூட்டிவிடுவது சரிவருவதில்லை. ஒரு கணக்காகப் பார்ப்போம். சேலையின் இருண்ட மடிப்பிலிருந்து 20 அலகு ஒளி வருகிறது என்றும், சரிகையிலிருந்து 60 அலகு வருகிறது என்றும், வீதியின் பிம்பம் எல்லா இடத்திலும் 15 அலகு சேர்க்கிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். உருவம் இல்லாத இடத்தில் மடிப்பு 35, சரிகை 75. உருவம் விழுந்த இடத்தில் வீதிக்குப் பதிலாகச் சேட்டிலிருந்து 3 அலகு மட்டும் வருவதால் மடிப்பு 23, சரிகை 63. மடிப்பைச் சரிப்படுத்த ஒன்றரை மடங்கு கூட்டினால் சரிகை 94-ஐத் தாண்டிவிடும், சரிகைக்கு ஏற்றபடி கூட்டினால் மடிப்பு இருண்டே கிடக்கும். இரண்டு இடத்திலும் குறைவது அதே 12 அலகுதான். அதைப் பெருக்கி ஈடுசெய்ய முடியாது, கூட்டித்தான் ஈடுசெய்ய வேண்டும். அந்த 12 அலகும் ஒரே சீராக இருப்பதுமில்லை, ஏனென்றால் உருவத்துக்குப் பின்னால் எதிர்க் கடையின் கதவும், மின்கம்பமும், நிறுத்திவைத்த ஓட்டோவும் இருந்திருக்கலாம். கையால் வரைந்து இதை நிரப்புவதைவிட, ஆள் இல்லாத அதே காட்சியைத் தனியாகப் பதிவுசெய்து அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஒட்டுவது மிகவும் எளிது. அந்த ஆளற்ற பதிவைத்தான் தொழிலில் கிளீன் பிளேட் என்கிறார்கள்.

எடுக்கும் இடத்திலேயே செய்ய வேண்டியவை

கமராவை வைக்கும் முன்பு, பிம்பம் எங்கே விழும், எவ்வளவு பெரிதாக விழும் என்பதை அறிந்துகொள்ளுங்கள். லென்ஸிலிருந்து கண்ணாடிக்குச் செங்குத்தாக ஒரு கோடு இழுத்தால், அது கண்ணாடியைத் தொடும் இடத்தில்தான் கமரா தன்னையே பார்க்கும். அந்தப் புள்ளி பிரேமுக்கு வெளியே இருந்தால் கமரா தெரியாது. அளவைப் பொறுத்தவரை ஒரு வசதியான விதி உண்டு. கமராவுக்குப் பக்கத்தில் நிற்பவரின் உருவம், கண்ணாடியின் மேற்பரப்பில், அவருடைய உண்மையான அளவில் சரிபாதி இடத்தையே பிடிக்கும், எவ்வளவு பின்னுக்குப் போனாலும் இது மாறாது. தோள் அகலம் 50 சென்ரிமீற்றர் என்றால் கண்ணாடியில் 25 சென்ரிமீற்றர். நம்பிக்கை வராவிட்டால், வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியில் உங்கள் முகத்தின் எல்லையைச் சவர்க்காரத் துண்டால் வரைந்து அளந்து பாருங்கள்.

என்னுடைய ஷொட்டில் கமரா கண்ணாடியிலிருந்து 2.5 மீற்றர் தூரத்தில், நடைபாதையின் விளிம்பில் நின்றது. முழு அளவு சென்சரில் 35 மில்லிமீற்றர் லென்ஸ். அந்தத் தூரத்தில் கண்ணாடியின் ஏறத்தாழ 2.57 மீற்றர் அகலம் பிரேமுக்குள் வரும். அதில் 25 சென்ரிமீற்றர் என்பது பத்தில் ஒரு பங்கு. நான் திருத்த வேண்டியிருந்தது அவ்வளவுதான். இந்தக் கணக்கை முன்னரே போட்டுப் பார்த்தால், நடிப்பவரின் அசைவு அந்தப் பத்தில் ஒரு பங்குக்குள் வராமல் பார்த்துக்கொள்ளலாம். நான் அன்றைக்குப் போட்டுப் பார்க்கவில்லை. அதன் பலனைப் பின்னால் சொல்கிறேன்.

கமராவைச் சற்றுச் சரித்து வைத்தால் இந்தப் பிரச்சினையே வராதே என்று கேட்கலாம். வராது. மேற்சொன்ன லென்ஸின் பார்வைக் கோணம் ஏறத்தாழ 54 பாகை, அதில் பாதி 27. ஆகவே 35 பாகை திருப்பினால் கமரா பிரேமை விட்டுப் போய்விடும், ஆளும் மறுபக்கமாக விலகி நிற்கலாம். கடையின் முகப்பைச் சரிவாகக் காட்டுவதில் உங்களுக்குத் தடையில்லை என்றால் அதுவே சிறந்தது, மேற்கொண்டு படிக்கத் தேவையில்லை. எனக்குக் கடை முதலாளி, பெயர்ப்பலகையும் கண்ணாடியும் நேராகத் தெரிய வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

போலரைஸர் பில்டரை மாட்டினால் பிம்பம் போய்விடும் என்று சொல்பவர்கள் உண்டு. சரிவாகப் பார்க்கும்போது அது போகும். கண்ணாடிக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 56 பாகை அளவில் பார்க்கும்போதுதான் அந்த பில்டர் முழுமையாக வேலை செய்கிறது. நேர் எதிரே நின்று தன்னைத்தானே பார்க்கும் கமராவுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை, ஒன்றரை இரண்டு ஸ்டொப் வெளிச்சம் குறைவதுதான் மிச்சம். பாதரசம் பூசியது என்று நாம் வழக்கமாகச் சொல்லும் முகக் கண்ணாடியில் எந்தக் கோணத்திலும் அதை நம்ப முடியாது.

இனி கமராவை நிலைப்படுத்துங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையில் ட்ரைபொட்டை வெறுமனே நிறுத்திவைப்பது அறிவுடைமை அல்ல. நடுத்தண்டின் கொக்கியில் தண்ணீர் நிறைந்த ஐந்து லீற்றர் போத்தல் ஒன்றைத் தொங்கவிடுங்கள், அது நிலத்தை மெல்லத் தொட்டுக்கொண்டிருந்தால் ஊசலாடாது. குவியம், வெளிச்ச அளவு, வெண்சமநிலை, ISO ஆகிய நான்கையும் கையால் பூட்டிவிடுங்கள். இவற்றுள் ஒன்று தானியங்கியாக விடப்பட்டிருந்தாலும், நீங்கள் விலகியதும் பிரேமுக்குள் வெளிச்சம் மாறியதைப் பார்த்துக் கமரா தன் போக்கில் மாற்றிக்கொள்ளும், அப்போது ஷொட்டும் பிளேட்டும் ஒன்றோடொன்று பொருந்தாது. இலங்கையில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால், கடைக்குள் எரியும் எல்.ஈ.டி. விளக்குகள் சிமிட்டாமல் இருக்க, 25 பிரேம் வேகத்துக்கு ஷட்டரை 1/50 இல் வையுங்கள். பிளேட்டுக்கும் அதே 1/50 தான்.

கமரா தானும் பிளேட்டில் தெரியுமே என்பது நியாயமான கேள்வி. ஆள் விலகலாம், கமரா விலக முடியாது. இதற்கு நான் கண்ட மிக எளிய வழி, லென்ஸின் உயரத்துக்கு நேரே, கண்ணாடியின் வெளிப்பக்கத்தில், 20 சென்ரிமீற்றருக்கு 15 சென்ரிமீற்றர் அளவில் கடையின் விற்பனை ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிடுவது. வெளிப்பக்கம் ஒட்டிய மங்கலான தாள் அந்த இடத்தில் பிரதிபலிப்பையே நிறுத்திவிடுகிறது, கமராவின் பிம்பம் பாதி அளவில்தான் விழும் என்பதால் இவ்வளவு சிறிய தாளே போதும். உள்ளே ஒட்டினால் பயனில்லை, கண்ணாடி வழக்கம்போலப் பிரதிபலிக்கும். ட்ரைபொட்டின் கால்கள் கீழே பொம்மைகளின் அடிப்பகுதியோடு கலந்துவிடுவதால் பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை.

பிறகு ஷொட்டை எடுங்கள். எடுத்து முடிந்ததும் ட்ரைபொட்டைத் தொடாமல், பதிவையும் நிறுத்தாமல், நடிப்பவரை வெளியே வரச் சொல்லிவிட்டு, நீங்களும் கண்ணாடியில் தெரியாத தூரத்துக்குப் பக்கவாட்டில் நடந்துவிடுங்கள். பதிவை நிறுத்துவதற்காகப் பொத்தானை அழுத்தும்போதே கமரா ஓரிரு பிக்சல் நகர்ந்துவிடக்கூடும் என்பதால்தான் நிறுத்த வேண்டாம் என்கிறேன். குறைந்தது இரண்டு நிமிடம் ஓடட்டும். ஒரு வெற்றுப் பிரேம் போதுமே, எதற்கு இரண்டு நிமிடம் என்று தோன்றலாம். வீதி வெறுமையாக இருக்கும் சில வினாடிகள் அதற்குள் எங்கே அகப்படும் என்பது நம் கையில் இல்லை. நான் பிளேட் எடுத்த காலையில் ஓட்டோக்களும் பஸ்களும் ஓய்ந்து வீதி அமைதியான நேரம் பார்த்து, ஊரில் திரியும் புள்ளிமான்களில் ஒன்று வந்து, திருத்த வேண்டிய அந்த இடத்திலேயே பிம்பம் விழும்படி நின்றுகொண்டு, எதிர்க் கடை வாசலில் கிடந்த வாழைப்பழத் தோலைத் தின்றது. அதனைத் துரத்தப் போனால் நானும் கண்ணாடியில் விழுவேன். கடை முதலாளி உள்ளேயிருந்து, "தம்பி, ஆக்களைத்தான் உள்ள விடக்கூடாது எண்டு சொன்னீங்கள், மானுக்கும் சேர்த்துத்தானோ?" என்று கேட்டார். அது போகும்வரை காத்திருந்ததைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

ஷொட்டுக்கு முன்னால் ஒரு பிளேட்டும் பின்னால் ஒரு பிளேட்டும் எடுப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மேகம் ஒன்று வெயிலை மறைத்தால் வீதி இருண்டு பிம்பம் மங்குகிறது, ஆனால் விளக்கு வெளிச்சத்தில் இருக்கும் உட்புறம் மாறுவதில்லை. அப்படி மாறிய பிளேட்டைக் கணினியில் பிரகாசம் கூட்டி ஷொட்டோடு பொருத்தவே முடியாது, காரணம் மேலே சொன்ன அதே கூட்டல் கணக்குத்தான். எனக்குப் பின்னால் எடுத்த பிளேட்டில் மேகம் வந்துவிட்டது. முன்னால் எடுத்ததுதான் கைகொடுத்தது.

கணினியில் ஒட்டுவது

நான் DaVinci Resolve மென்பொருளின் இலவசப் பதிப்பைப் பயன்படுத்துகிறேன். வேறு மென்பொருளிலும் அடுக்கு, படத்தின் ஒரு பகுதியை மட்டும் தெரியவிடும் மாஸ்க் என்ற இரண்டும் இருந்தால் வேலை இதுதான்.

Edit பக்கத்தில் ஷொட்டை முதல் வீடியோத் தடத்திலும், பிளேட்டை அதற்கு மேலே இரண்டாம் தடத்திலும் ஒரே நீளத்தில் வையுங்கள். பிளேட்டிலிருந்து ஒரு நிலைப் பிரேமை எடுத்து வைக்காமல், ஓடும் பகுதியையே வையுங்கள். ஒவ்வொரு வீடியோவிலும் கமராவின் சென்சர் உண்டாக்கும் நுண்மணி அசைவு ஒன்று இருக்கிறது. நிலைப் பிரேமை ஒட்டினால் சுற்றிலும் மணிகள் துடிக்க, ஒட்டிய இடம் மட்டும் செத்துக் கிடக்கும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனாலும் கண் அந்த இடத்துக்கே போகும்.

மாஸ்க் வரைவதற்கு முன் இரண்டும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். மேலே இருக்கும் பிளேட்டைத் தெரிவுசெய்து, Inspector பகுதியில் Composite Mode என்பதை Difference என மாற்றினால், இரண்டு படங்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு மட்டும் வெளிச்சமாகத் தெரியும், ஒத்திருக்கும் இடமெல்லாம் கறுத்துவிடும். சரியாகப் பொருந்திய பிளேட்டில், கறுப்புத் திரையில் உங்கள் உருவமும், அசைந்த நடிகரும், நகர்ந்த வாகனங்களும் மட்டுமே ஒளிரும். கண்ணாடியின் சட்டங்கள், பெயர்ப்பலகையின் எழுத்துகள் போன்ற அசையாத பொருள்களின் விளிம்புகள் மெல்லிய கோடுகளாக ஒளிர்ந்தால் கமரா நகர்ந்திருக்கிறது என்று பொருள். பிளேட்டின் Position X, Y மதிப்புகளை ஒன்றிரண்டு பிக்சல் மாற்றி அந்தக் கோடுகள் மறையும்வரை நகர்த்துங்கள். சட்டங்கள் மறைந்த பிறகும் வீதியின் பிம்பம் மட்டும் இரண்டாகத் தெரிந்தால் நகர்ந்தது கமரா அல்ல, கண்ணாடி. பெரிய கண்ணாடிகள் பாரமான லொறி போகும்போது அதிர்கின்றன. கண்ணாடி எவ்வளவு சாய்கிறதோ அதைப்போல இரு மடங்கு பிம்பம் விலகுகிறது. லொறி போகாத வேறொரு பகுதியைப் பிளேட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

பொருத்தம் கிடைத்ததும் Composite Mode-ஐ Normal நிலைக்குத் திருப்பி, இரண்டு கிளிப்புகளையும் ஒன்றாகத் தெரிவுசெய்து, வலச்சொடுக்கில் New Fusion Clip என்பதைக் கொடுத்து, Fusion பக்கத்துக்குச் செல்லுங்கள். அங்கே MediaIn1, MediaIn2 என இரண்டும், அவற்றை இணைக்கும் Merge1 உம் தோன்றும். கீழ்த்தடத்து ஷொட் பின்னணியாகவும் பிளேட் அதன் மேலேயும் இருக்கும். இப்போது மாஸ்க் வரைவதற்கான Polygon என்ற முனையை, அதாவது node ஒன்றைச் சேர்த்து, Merge1 இன் நீல நிற வாயிலில் இணைத்தால், நீங்கள் வரையும் எல்லைக்குள் மட்டும் பிளேட் தெரியும்.

வரைவதற்கு முன் ஷொட்டின் 275 பிரேம்களையும் ஒருமுறை முழுவதும் ஓட்டிப் பார்த்து, உங்கள் உருவம் எந்த அளவுக்கு இடமும் வலமும் அசைந்திருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மொத்த அசைவையும் உள்ளடக்கும்படி ஒரே மாஸ்க்கை வரைந்தால், பிரேம் பிரேமாக அதை நகர்த்தும் தொல்லை இல்லை. உருவத்தின் விளிம்பை ஒட்டி வரையவும் வேண்டாம். கமராவிலிருந்து பார்த்தால் பொம்மை 3.1 மீற்றரில் இருந்தது. கண்ணாடிக்குள் என்னுடைய பிம்பம் இருந்ததோ 2.5-இன் இரு மடங்கான 5 மீற்றரில். குவியம் பொம்மையில் இருந்ததால் என் உருவத்தின் ஓரங்கள் மங்கிப் பரந்திருந்தன. மேலும் கண்ணாடியின் முன்பக்கமும் பின்பக்கமும் தனித்தனியே பிரதிபலிப்பதால், ஓரத்தில் இரண்டாவது ஒரு மெல்லிய கோடும் ஓடலாம். இரண்டு விரல் அகலம் விட்டு வரைந்து, Soft Edge அளவைச் சிறிது கூட்டுங்கள். மாஸ்க்கின் கோடு வெறுமையான சுவர்மீது போவதைவிட, பூப்போட்ட துணியின்மீது போனால் ஒட்டு தெரியாது.

கீழேயும் பாருங்கள். இந்தக் கடை கிழக்கே பார்த்தது, காலை எட்டரை மணி வெயில் என் முதுகில் விழுந்தது, என்னுடைய நிழல் கண்ணாடியின் அடிவரை நீண்டிருந்தது. முதலில் பிம்பத்தை மட்டும் அகற்றிவிட்டுப் பார்த்தபோது, நடைபாதையில் ஆளில்லாமல் ஒரு நிழல் மட்டும் கிடந்தது. மாஸ்க்கைத் தரைவரை நீட்ட வேண்டியதாயிற்று.

உள்ளிருப்பவரின் கை குறுக்கே வந்தால்

முன்னர் சொன்ன கணக்கைப் போடாததன் பலன் இதுதான். ஏழாவது வினாடியில் அந்தப் பெண் முந்தானையை இழுத்து விரிக்கும்போது, அவருடைய வலக்கை என் உருவம் விழுந்த இடத்துக்குள் 18 பிரேம்கள் வந்துபோனது. பிளேட்டில் அந்தக் கை கிடையாது. மாஸ்க்கை அப்படியே விட்டால் கை மணிக்கட்டோடு வெட்டுண்டுபோகும்.

இதற்கு இரண்டாவது Polygon ஒன்றைச் சேர்த்து, கையையும் அது பிடித்திருந்த துணியையும் சுற்றி வரைந்து, அதன் Paint Mode-ஐ Subtract என மாற்றி, முதல் Polygon-ஐ அதன் வழியாக Merge1 இல் இணைத்தேன். அப்போது பெரிய மாஸ்க்கிலிருந்து கையின் வடிவம் மட்டும் கழிந்து, அந்த இடத்தில் மூல ஷொட் தெரிகிறது. இந்தச் சிறிய மாஸ்க்கைக் கையோடு நகர்த்தியே ஆக வேண்டும். முதல் பிரேம், கடைசிப் பிரேம், நடுப் பிரேம் என்ற வரிசையில் புள்ளிகளை வைத்து, பிறகு இடைவெளிகளை நிரப்பினால் வேலை குறையும், ஒன்று இரண்டு மூன்று என்று தொடர்ச்சியாக வரைந்தால் விளிம்பு நடுங்கும்.

அப்படியும் கை சிறிது இருண்டு தெரிந்தது, ஏனென்றால் அந்தக் கைமீது வீதியின் பிம்பம் படவில்லை, என் சேட்டின் இருள்தான் பட்டிருந்தது. இங்கேதான் கூட்டல் நேரடியாகப் பயன்பட்டது. MediaIn1-க்கு அடுத்து BrightnessContrast முனை ஒன்றைச் சேர்த்து, கையின் வடிவத்தையே அதற்கும் மாஸ்க்காகக் கொடுத்து, Gain-ஐத் தொடாமல் Brightness-ஐ மட்டும் 0.02 வரை கூட்டினேன். Gain பெருக்குகிறது, Brightness கூட்டுகிறது. காமா ஏற்றிய சாதாரண வீடியோவில் இந்தக் கூட்டல் மிகத் துல்லியமானது அல்ல, ஆனால் 18 பிரேம்கள் அசையும் ஒரு கைக்கு அது போதும்.

இந்த வழியாலும் தீராத ஒரு நிலை உண்டு. ஷொட் ஓடும்போது உங்களுக்குப் பின்னால் வீதியில் ஒரு பஸ் போயிருந்தால், அதன் பிம்பம் கண்ணாடியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடும். மாஸ்க்குக்குள் இருப்பதோ பஸ் இல்லாத பிளேட். பஸ் மாஸ்க்கின் ஒரு பக்கத்தில் மறைந்து மறுபக்கத்தில் வெளிவரும். அதைத் திருத்துவதற்குச் செலவாகும் நேரத்தில் ஷொட்டை இருமுறை திரும்ப எடுத்துவிடலாம். எடுத்தவற்றுள் பஸ் போகாத டேக்கைத் தெரிவுசெய்யுங்கள், அல்லது பஸ் வருவதற்கு முன்னரே வெட்டிவிடுங்கள்.

முடிந்த ஷொட்டை 400 வீதம் பெரிதாக்கி, மாஸ்க்கின் ஓரத்தை மட்டும் பார்த்தபடி ஓட்டுங்கள். பிறகு சாதாரண அளவில், இந்த விடயம் எதுவும் தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். எங்கே பார்க்க வேண்டும் என்று அவரிடம் சொல்ல வேண்டாம்.

முகம் பார்க்கும் கண்ணாடி

கலியாண வீட்டில் மணப்பெண் கண்ணாடியின் முன் அலங்கரிக்கும் ஷொட்டிலும் இதே பிளேட் முறையைக் கையாளலாம், ஆனால் அங்கே நான் அதை விரும்புவதில்லை. அறையில் ஐந்தாறு பேர் நடமாடுவார்கள், எல்லோரையும் வெளியேற்றிவிட்டு இரண்டு நிமிடம் வெறும் அறையைப் படமெடுக்கும் துணிவு எனக்கு இதுவரை வந்ததில்லை. கடைக் கண்ணாடியை அசைக்க முடியாது, முகக் கண்ணாடியை அசைக்கலாம். கண்ணாடியை 5 பாகை சாய்த்தால் பிம்பம் 10 பாகை விலகும், இரண்டு மீற்றர் தூரத்தில் நிற்கும் கமராவுக்கு அது 35 சென்ரிமீற்றர். 60 சென்ரிமீற்றர் உயரமுள்ள கண்ணாடியை அந்த அளவுக்குச் சாய்க்க, ஒரு விளிம்பின் பின்னால் 5 சென்ரிமீற்றர் தடிப்பில் மடித்த அட்டையைச் செருகினால் போதும். மணப்பெண்ணின் முகம் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துக்கொண்டு, முடிந்தால் பக்கவாட்டில் சாய்த்துக்கொள்ளுங்கள். மேல்நோக்கிச் சாய்த்தால் உங்களுக்குப் பதிலாகச் சுழலும் மின்விசிறி பிம்பத்துக்குள் வந்துவிடும், அதைப் பிளேட் எடுத்தும் அகற்ற முடியாது.